கலர் பிரிண்டுக்கு ஒரு கடிவாளம்

கிண்டியில் நான் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் ஆடிட்டர் அலுவலகத்தில் காப்பியர் வாடகைக்கு ஓடுகிறது. எங்கள் ஒப்பந்தப்படி கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கு 60 பைசா, கலருக்கு 6 ரூபாய். கலர் பில் ஏறிக்கொண்டே போனது. கேட்டால், "வெறும் லெட்டர்தான் சார் அடிக்கிறோம்" என்றார்கள். பொய் இல்லை. பக்கத்தில் ஒரு நீல லோகோவோ மெயில் லிங்கோ இருந்தாலே மீட்டர் அதைக் கலர் கணக்கில் சேர்த்துவிடும்.

பிரிண்ட் சர்வரில் ஒரே மெஷினை இரண்டு பெயரில் போட்டேன். கறுப்பு வெள்ளைக்கானதில் Printing Defaults-ஐ மட்டும் மாற்றினால் போதாது. அது ஆரம்ப அமைப்புதான், தடை அல்ல. யாரும் தங்கள் பக்கம் கலராக மாற்றிக்கொள்ளலாம். அதனால் கலரே தெரியாத மோனோ டிரைவரைப் போட்டேன். கலர் பிரிண்டரின் Security பக்கத்தில் Everyone-ஐ எடுத்துவிட்டு, கலர் தேவைப்படுகிறவர்களின் குழுவுக்கு மட்டும் Print உரிமை கொடுத்தேன்.

அடுத்த மாதமும் பில் அசையவில்லை. Event Viewer-ல் PrintService-இன் Operational பதிவு தானாக ஓடாது, நாம்தான் இயக்க வேண்டும். இயக்கியதும் 307 என்ற எண்ணில் யார், எந்தப் பிரிண்டரில், எத்தனை பக்கம் என்று விழுந்தது. ஒரே ஃபைலைப் பல பிரதி எடுத்தால் அந்தப் பக்கக் கணக்கில் அது சேராது, பிரதி எண்ணிக்கை 805-இல்தான் வரும். இரண்டையும் பெருக்கி, கலர் பிரிண்டரின் பக்கங்களைக் கூட்டி மெஷினின் கலர் மீட்டரோடு ஒப்பிட்டேன். மீட்டர் வெகுதூரம் முன்னால் நின்றது. கண்ணாடியில் வைத்து எடுத்த கலர் காப்பியைக் கழித்த பிறகும் இடைவெளி குறையவில்லை. அப்படியானால் சர்வரைத் தொடாமலே பிரிண்ட் போகிறது என்றுதான் பொருள். சிலர் ஐபி முகவரி கொடுத்து மெஷினை நேரடியாகச் சேர்த்திருந்தார்கள். மெஷினின் வலைப்பக்கத்தில் ஐபி வடிகட்டியைப் போட்டு, சர்வரையும் என் கணினியையும் தவிர எல்லாவற்றையும் தடுத்தேன். என் கணினியை விட்டுவைத்ததற்குக் காரணம், வடிகட்டி சில மெஷின்களில் அந்த வலைப்பக்கத்தையும் சேர்த்து மூடிவிடும். அன்று மதியமே இரண்டு மேஜைகளிலிருந்து "பிரிண்டர் ஆஃப்லைன்" என்று புகார் வந்தது. ஆள் தெரிந்துவிட்டது.

காப்பிக்கு மெஷினிலேயே யூசர் கோடு. பக்க வரம்பை விண்டோஸ் தானாகத் தராது என்பதால் அதையும் அந்தக் கோடிலேயே, டீமுக்கு ஒன்றாக வைத்தேன். ஆளுக்கு ஆள் வைத்திருந்தால் ஜிஎஸ்டி 20-ஆம் தேதி நெருங்கும்போது என் ஃபோன் ஓய்ந்திருக்காது.

ஸ்கேன் ஃபோல்டர்தான் நிஜமான தலைவலி. எல்லோருடைய பான் கார்டும் ஒரே பொது ஃபோல்டரில் கிடந்தது. ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டு, உரியவருக்கும் மெஷின் உள்நுழையும் தனிக் கணக்குக்கும் மட்டும் Modify கொடுத்தேன். பகிர்வு உரிமை, ஃபோல்டர் உரிமை இரண்டிலும் எழுத அனுமதி இருக்க வேண்டும். எது குறுகலோ அதுதான் செல்லும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு காலாவதியானால் ஸ்கேன் மொத்தமும் ஒரே நாளில் நின்றுவிடும். அதனால் அதற்குக் காலாவதி வைக்கவில்லை. பதிலாக, கணினிகளில் அந்தக் கணக்கால் யாரும் லாகின் செய்ய முடியாதபடி குரூப் பாலிசியில் தடுத்துவிட்டேன்.