இருபதாயிரம் பாக்கிக்கு மூவாயிரம் வட்டி

மார்ச் 5 அன்று கடனட்டையில் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினேன். 25ஆம் திகதி கூற்று வந்தது. புத்தாண்டுச் செலவு நெருக்கியதால் ஏப்ரல் 10 அன்று எண்பதாயிரத்தைக் கட்டிவிட்டு, மீதி இருபதாயிரத்துக்கு 28 வீத ஆண்டு வட்டிப்படி மாதத்துக்கு நானூற்றைம்பது, ஐந்நூறு வரும் என்று மனக்கணக்குப் போட்டேன். அடுத்த கூற்றில் வட்டி மட்டும் 2,992 ரூபாய்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்புக் கிளைக்குப் போனேன். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு, "ஆகக்குறைந்த தொகையைக் கட்டியிருக்கிறீர்கள்தானே சேர், பிரச்சினை இல்லை" என்றார் உத்தியோகத்தர். தாமதக் கட்டணம் வராது என்பதைத்தான் அவர் சொன்னார். நான் கேட்டது வட்டியை. மேலதிகமாகத் தெரிய வேண்டுமானால் தலைமையகத் தொலைபேசிக்கு அழைக்கச் சொன்னார். அதை வீட்டிலிருந்தே செய்திருப்பேனே!

தொலைபேசியில் வந்த பெண்தான் பொறுமையாகக் கணக்கை விரித்தார். வட்டியில்லாக் காலம் என்பது கூற்றில் உள்ள முழுத்தொகையையும் கடைசித் திகதிக்குள் கட்டுபவருக்கு மட்டுமே. ஒரு பகுதி குறைந்தாலும் அந்தச் சலுகை பின்னோக்கிப் போய் இல்லாமலாகிவிடும். ஆகவே வாங்கிய நாளிலிருந்து நான் பணம் கட்டிய நாள்வரை, 36 நாட்களுக்கு, முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி: 2,762 ரூபாய். அதன் பிறகு கூற்றுத் திகதியான ஏப்ரல் 25 வரை, 15 நாட்களுக்கு, இருபதாயிரத்துக்கு 230 ரூபாய். கல்குலேட்டரில் நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. கோபப்படக்கூட இடமில்லாமல் போய்விட்டது. விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் இது இருக்கிறதாம்.

எண்பதாயிரத்தைக் கடைசித் திகதிவரை வைத்திருக்காமல் ஐந்து நாள் முந்திக் கட்டியதில் முந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். எனவே பகுதியாகத்தான் கட்ட முடியும் என்றால், கையில் காசு வந்த அன்றே கட்டிவிடுங்கள். பாக்கி நிற்கும்வரை அதே அட்டையில் அரிசி, பருப்புக்கூட வாங்காதீர்கள். புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

மே 8 அன்று கூற்றில் இருந்த 22,992 ரூபாயையும் ஒரேயடியாகக் கட்டினேன். தீர்ந்தது என்று நினைத்தால் அடுத்த கூற்றில் மறுபடியும் இருநூறு ரூபாய்ச் சொச்சம்! கூற்று அச்சான ஏப்ரல் 25க்கும் நான் கட்டிய மே 8க்கும் இடையில் 13 நாள் வட்டி சத்தமில்லாமல் ஏறியிருக்கிறது. கட்டப் போகும் அன்று காலையில் அதே எண்ணுக்கு அழைத்து, "இன்று கட்டினால் கணக்கை முற்றாக முடிக்க எவ்வளவு?" என்று கேட்டிருக்க வேண்டும். இந்தமுறை கேட்டுத்தான் கட்டினேன். ஜூன் கூற்றில் பூச்சியம்.