பத்திரத்தின் போட்டோக்கள் டவுன்லோட் ஆகவில்லை: சித்தப்பா போனிலிருந்து மீண்டும் வரவழைத்த அனுபவம்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நகல் போதும், அசலைப் பிறகு காட்டலாம் என்றும் சொன்னார். அசல் காரைக்குடியில் லாக்கரில் இருந்தது. லாக்கர் சித்தி பெயரில் இருக்கிறது. அவர் மகளின் பிரசவத்துக்காக பெங்களூர் போயிருந்தார். ஆனால் முந்தைய ஆண்டே பாகப்பிரிவினைப் பேச்சு நடந்தபோது சித்தப்பா பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். அதைத் தேடிப் பிடித்துத் தொட்டால், மங்கலான படத்தின் மேல் வட்டம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றது. டவுன்லோட் செய்ய முடியவில்லை, அனுப்பியவரையே திரும்ப அனுப்பச் சொல்லுங்கள் என்ற பொருளில் ஒரு அறிவிப்பு வந்தது.

குரூப்பில் ஆட்டோ டவுன்லோடை நான் எப்போதும் நிறுத்தித்தான் வைத்திருப்பேன். காலை வணக்கப் படங்களுக்குப் பயந்தே பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பக்கங்கள் என் போனுக்குள் ஒருநாளும் இறங்கவில்லை. இடையில் போனும் மாறியது. பேக்கப்பில் இருந்து எல்லாம் திரும்பி வந்தாலும், பழைய போனில் இறங்காத படம் பேக்கப்பிலும் இருக்காது.

முதலில் கோளாறு என் பக்கமா என்று பார்த்தேன். போனில் இடம் இல்லாவிட்டாலும், தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும், நெட் விட்டு விட்டு வந்தாலும் டவுன்லோட் தோற்கும். தேதி விஷயம் பலருக்கும் தெரியாது. போனின் தேதி தவறாக இருந்தால் படங்களை இறக்க வாட்ஸ்அப் சர்வரோடு இணையவே முடியாது. இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதிப்பதைவிட ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதே குரூப்பில் அன்று வந்த ஒரு படத்தைத் தொட்டுப் பார்த்தேன். உடனே இறங்கியது. ஆக, போன், நெட், இடம் மூன்றும் சரி. பழைய படங்கள் மட்டும்தான் வரவில்லை. அப்படியானால் எத்தனை முறை தட்டினாலும் பலன் இல்லை, அனுப்பியவரிடம்தான் போக வேண்டும்.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அனுப்பிட்டேனேப்பா, நீ பாத்ததா ப்ளூ டிக்கே விழுந்திருக்கே" என்றார்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் சண்டை வருகிறது. ப்ளூ டிக் என்பது நான் அந்த சாட்டைத் திறந்தேன் என்பதற்கு மட்டுமே அடையாளம். படத்தை இறக்கினேனா என்று அது சொல்லாது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பும்போது இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. படம் பூட்டிய கோப்பாக சர்வருக்கு ஏறுகிறது. நமக்கு வரும் செய்தியில் அந்தக் கோப்பு இருக்கும் இடமும், பூட்டைத் திறக்கும் சாவியும், மங்கலான ஒரு குட்டிப் படமும் மட்டும் இருக்கும். பார்சல் சர்வீஸில் ரசீது நம் கைக்கு வந்துவிடும், சரக்கு குடோனில் இருக்கும், நாம் போய் எடுக்க வேண்டும் என்பது போல. குடோனில் அதை நிரந்தரமாக வைத்திருக்க மாட்டார்கள். போய்ச் சேராத செய்திகளை அதிகபட்சம் 30 நாள் வரை வைத்திருப்பதாக வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை சொல்கிறது. படங்களும் சர்வரில் தற்காலிகமாகத்தான் இருக்கின்றன. மங்கலான குட்டிப் படம் செய்தியோடு வந்துவிட்டதால் அது மட்டும் ஆண்டுக்கணக்கில் நம் போனில் இருந்துகொண்டு, படம் இன்னும் எங்கோ இருக்கிறது என்று ஆசை காட்டிக்கொண்டிருக்கும்.

இதைச் சித்தப்பாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். "சரி, இப்ப அனுப்பறேன் பாரு" என்றார். வந்தது என்னவென்றால், பழைய படத்துக்கு ரிப்ளை கொடுத்து "இதுதான்" என்று ஒரு வரி. ரிப்ளையில் படம் எதுவும் புதிதாக ஏறுவதில்லை, அதே குட்டிப் படம்தான் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அடுத்ததாக, சாட்டில் அந்தப் படங்கள் வரிசையாகத் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். அதில் முத்திரைத்தாள் என்று தெரிந்தது, எழுத்து ஒன்றும் படிக்க முடியவில்லை. அனுப்புகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இந்த இரண்டும்தான். அனுப்பியாச்சு என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள், நமக்கு ஒன்றும் வந்திருக்காது.

எனவே போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, ஒன்று ஒன்றாகச் செய்தோம். "சித்தப்பா, அந்த முதல் பக்கத்தைத் தொடுங்க. பெருசாத் திறக்குதா, ரெண்டு விரலால இழுத்தா எழுத்து தெளிவா வருதா?" என்று கேட்டேன். எழுத்து தெளிவாக வந்தது. அப்படியென்றால் கோப்பு அவர் போனில் உயிரோடு இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்து, ஃபார்வேர்டு அம்புக்குறியைத் தொட்டு, குரூப்பில் இல்லாமல் எனக்குத் தனியாக அனுப்பச் சொன்னேன். அனுப்பும்போது அவர் பக்கத்தில் வட்டம் சுற்றியது. கோப்பு அவர் போனிலிருந்து புதிதாக ஏறுகிறது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அது முடிந்து டிக் விழும்வரை அவர் வாட்ஸ்அப்பை மூடாமல், நெட்டோடு இருக்க வேண்டும். நானும் வந்த உடனே ஒவ்வொன்றையும் இறக்கிக்கொண்டேன். இம்முறை மறந்துவிட்டால் மறுபடியும் இதே கதைதான்.

பாதிப் பக்கங்கள் இப்படி வந்துவிட்டன. மீதியைத் தொட்டால் சித்தப்பா போனிலேயே கோப்பு இல்லை என்று வந்தது. அவர் போன் நிரம்பி வழிந்தபோது மகன் வந்து வாட்ஸ்அப் படங்களைக் கூட்டித் துடைத்திருக்கிறான். இங்கே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் போன் கேமராவில் எடுத்து அனுப்பிய படத்துக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று கேலரியில் இருக்கும் அசல். மற்றொன்று அனுப்பும்போது வாட்ஸ்அப் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளும் சுருக்கிய நகல். ஆண்ட்ராய்டில் அந்த நகல் இருக்கும் இடம் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images/Sent
```

இந்த Sent ஃபோல்டர் கேலரியில் தெரியாது, ஃபைல் மேனேஜர் வழியாகத்தான் போக வேண்டும். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் வரிசையாக இருக்கும், IMG-20230914-WA0007.jpg என்பது போல. சாட்டில் அந்தப் படத்துக்கு மேலே தெரியும் தேதியைப் பார்த்துக்கொண்டால் தேடுவது எளிது. சித்தப்பா போனில் மகன் துடைத்தது இந்த நகல்களைத்தான். கேமராவின் அசல் படங்களில் பெரும்பாலானவை கேலரியில் அதே தேதியில் அப்படியே இருந்தன.

கேலரியிலிருந்து அனுப்பும்போது சாதாரண போட்டோவாக அனுப்பாதீர்கள் என்று சொன்னேன். வாட்ஸ்அப் படத்தின் அளவைக் குறைத்துத்தான் அனுப்பும். முகங்களுக்கு அது போதும், பத்திரத்தின் பொடி எழுத்துக்குப் போதாது. 2023 ஆகஸ்டில் வந்த எச்டி வசதி கொஞ்சம் பரவாயில்லை. சரியான வழி, பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு, டாக்குமென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் போய்ப் படத்தை எடுப்பது. கோப்பு எந்தச் சுருக்கமும் இல்லாமல் அப்படியே வரும். இப்படி வந்த பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், முத்திரைத்தாள் விற்பனையாளரின் வட்ட முத்திரைக்குள் இருக்கும் ஊர்ப் பெயர்கூடப் படிக்க முடிந்தது. ஃபார்வேர்டில் வந்த பக்கங்களில் அதே முத்திரை ஊதா நிறத் திட்டாகத்தான் தெரிந்தது. அதனால் அவற்றையும் டாக்குமென்டாக ஒருமுறை வாங்கிக்கொண்டேன்.

ஒரு பக்கம் மட்டும் சாட்டில் காலாவதி ஆகிவிட்டதாகவே காட்டியது. அதை அனுப்பும்போது சித்தப்பா விரல் தவறி, ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பும் '1' குறியைத் தொட்டிருக்கிறார். அப்படி அனுப்பிய படத்தை 14 நாட்களுக்குள் திறக்காவிட்டால் காலாவதி ஆகிவிடும். அனுப்பியவராலும் சாட்டில் அதைத் திரும்பத் திறக்கவோ ஃபார்வேர்டு செய்யவோ முடியாது. கேலரியில் அசல் இருந்ததால் அந்தப் பக்கமும் தப்பித்தது. வாட்ஸ்அப் கேமராவிலேயே அப்படி எடுத்து அனுப்பியிருந்தால் எங்கும் பிரதி இருந்திருக்காது.

கடைசியில் இரண்டு பக்கங்கள் கேலரியிலும் இல்லை. கூகுள் போட்டோஸ் குப்பைத் தொட்டியையும் பார்த்தோம். பேக்கப் ஆன படங்கள் அதில் 60 நாளும், ஆகாதவை 30 நாளும் இருக்கும். நாங்கள் போவதற்குள் அந்தக் கெடு எப்போதோ முடிந்திருந்தது. அப்போதுதான் மதுரை அத்தை ஞாபகம் வந்தது. குரூப்பில் போட்ட படத்தை அனுப்பியவர்தான் திரும்ப அனுப்ப வேண்டும் என்று இல்லை. அந்தச் சமயத்தில் அதை இறக்கிய எவர் போனிலும் அது முழுசாக இருக்கும். அத்தை எதையும் அழிக்க மாட்டார், ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்தியதில்லை. "எல்லாம் இருக்குடா, எது வேணும்?" என்றார். அத்தை போனிலிருந்து இரண்டும் ஃபார்வேர்டாக வந்தன.

ஆனால் அத்தையிடம் இருந்ததும் குரூப் வழியாகச் சுருங்கி வந்த படம்தான். டாக்குமென்டாக அனுப்பினாலும் ஏற்கனவே போன தெளிவு திரும்பாது. ஒரு பக்கம் படிக்கும்படி இருந்தது. மற்றொன்று சொத்து விவரப் பக்கம், சர்வே எண்ணின் உட்பிரிவு 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. வழக்கறிஞர் அதை ஏற்கவில்லை. மற்ற பக்கங்களை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அந்த ஒரு பக்கத்துக்காக, முதல் பக்கத்தில் இருந்த ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் குறித்துக்கொண்டு, tnreginet.gov.in தளத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்தேன்.