பீனால்–நீர்: வளைவின் உச்சி எங்கே?

பீனாலும் நீரும் அறை வெப்பநிலையில் ஓரளவுதான் கலக்கும்; நீர் மிகுந்தது, பீனால் மிகுந்தது என இரண்டு அடுக்குகளாகப் பிரியும். கலவையை 66 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே சூடாக்கினால், எந்த விகிதத்திலும் ஒரே கரைசலாகிவிடும். பீனால் சதவீதத்துக்கு எதிராக, கலவை ஒரே கரைசலாகும் வெப்பநிலையை வரைந்தால் வரும் வளைவின் உச்சி இதுதான். அந்த வெப்பநிலையைப் பிடிப்பது சுலபம். எந்த விகிதத்தில் உச்சி விழுகிறது என்று சொல்வதுதான் கடினம்.

பாட்டிலை வெந்நீரில் வைத்து பீனாலை உருக்கி (உருகுநிலை சுமார் 41 டிகிரி), உலர்ந்த கொதிகுழாயில் 5 கிராம் எடை பார்த்து எடுத்தேன். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பீனால் பட்ட தோல் மரத்துவிடுவதால் புண் பட்டதே உடனே தெரியாது. கழிவையும் கழுவுதொட்டியில் ஊற்றாமல் தனிப் பாட்டிலில் சேர்க்க வேண்டும்.

காய்ச்சி வடித்த நீரை 1 மில்லி வீதம் சேர்த்துக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு முறையும் கலங்கல் மறையும் வெப்பநிலையையும், ஆறும்போது அது திரும்ப வரும் வெப்பநிலையையும் குறித்து சராசரி எடுக்கிறோம். 3 மில்லி சேர்த்தபோது, அதாவது 62.5 சதவீத பீனாலில், கலங்கல் 50 டிகிரியை ஒட்டி மறைந்தது. இரண்டு அளவீடுகளுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், கிளறல் போதவில்லை அல்லது சூடு வேகமாக ஏறுகிறது. கொதிகுழாயை அதைவிடப் பெரிய குழாய்க்குள் வைத்தால் இடையிலுள்ள காற்று சூட்டை மெதுவாக்கும். குழாய் நீர் வேண்டாம். உப்பு சேர்ந்தால் உச்சி மேலே போகும்; 1 சதவீத சாதாரண உப்பே பத்து டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும்.

உச்சிக்கு அருகில் வளைவு தட்டையாகிவிடுகிறது. 30 முதல் 40 சதவீதம் வரை வெப்பநிலை அநேகமாக மாறுவதேயில்லை. படத்தைப் பார்த்து "இங்கேதான்" என்று விரல் வைக்க முடியாது. அதனால் வளைவில் உச்சிக்குக் கீழேயுள்ள புள்ளிகளைப் பயன்படுத்த வேண்டும். 20 டிகிரியில் நீர் அடுக்கில் சுமார் 8.4, பீனால் அடுக்கில் 72.2 சதவீதம் பீனால், நடுப்புள்ளி 40.3. 50 டிகிரியில் 11, 63, நடுப்புள்ளி 37. இந்த நடுப்புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். கோட்டை 66 டிகிரி வரை நீட்டினால் 35 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கிறது; நூல்களில் உள்ள மதிப்பு சுமார் 34.

அடுக்குகளின் இயைபு தெரிந்தால் அளவும் கிடைக்கும். 8 கிராம் பீனால், 12 கிராம் நீர் எடுத்தால் மொத்தத்தில் 40 சதவீதம். 50 டிகிரியில் பீனால் அடுக்கின் பங்கு (40 − 11) ÷ (63 − 11), அதாவது 0.56. 20 கிராமில் அது 11.2 கிராம்; மீதி 8.8 கிராம் நீர் அடுக்கு. இன்னும் நீர் சேர்த்தால் அடுக்குகளின் எடைதான் மாறும். கலங்கல் இருக்கும் வரை இரண்டிலும் இயைபு அதேதான். பீனால் அடுக்கு முழுவதும் மறைய, 50 டிகிரியில் இந்த 8 கிராமுக்கு மொத்தம் சுமார் 65 கிராம் நீர் வேண்டும்.