ஐந்து பேரைக் கொண்டது, ஐந்து பேரால் ஆனது

வாடிக்கையாளருக்குப் போகும் முக்கியமான மின்னஞ்சல்களை அனுப்புவதற்கு முன் இன்னொருவர் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது நான் இருந்த குழுவின் வழக்கம். மூன்று ஆண்டுகள் அந்த வேலை என்னிடம் இருந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் நான் அதிகத் தடவை திருத்திய வாக்கியம் இது:

```
The team comprises of five members.
```

எழுதுகிறவர் மாறுவார். ஐந்து என்பது ஏழாகும், மூன்றாகும். கம்ப்ரைஸுக்குப் பின்னால் அந்த ‘ஆஃப்’ மட்டும் தவறாமல் வந்து நிற்கும். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் இதில் பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது. இரண்டுமே சரியாக எழுதப்பட்ட சொற்கள்தானே.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்தது. கன்சிஸ்ட் என்ற சொல்லுக்கு ‘ஆஃப்’ கட்டாயம் வேண்டும். கம்ப்ரைஸும் கிட்டத்தட்ட அதே பொருள் தருகிற சொல், அதே இடத்தில் வருகிற சொல். போதாக்குறைக்கு, ‘இஸ் கம்ப்ரைஸ்டு ஆஃப்’ என்று செயப்பாட்டில் எழுதுகிற வழக்கமும் பரவலாக இருக்கிறது. இரண்டையும் படித்துப் பழகிய கை, கம்ப்ரைஸுக்கும் ஒரு ‘ஆஃப்’ஐச் சேர்த்துவிடுகிறது. கவனக்குறைவு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சொல்லைப் பார்த்து எழுதுவதால் வருவது இது.

சரி, ‘ஆஃப்’ஐ எடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் நான் அப்படிச் செய்யவில்லை. கம்ப்ரைஸ் கொஞ்சம் கனமான சொல், மின்னஞ்சலுக்கு எளிய சொல்லே நல்லது என்று நினைத்து, பார்க்கும் இடத்தில் எல்லாம் `comprises of` என்பதை அழித்துவிட்டு `includes` என்று போட்டேன். இலக்கணம் சரியாகிவிடும், வாக்கியமும் சுருங்கும். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே செய்துவந்தேன்.

அப்புறம்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. ஒரு மென்பொருளை முடித்து ஒப்படைக்கும் நேரம். கூடப் பணிபுரிந்த ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

```
The handover comprises of the source code,
the user manual and two training sessions.
```

நான் வழக்கம்போல் திருத்தி அனுப்பினேன்:

```
The handover includes the source code,
the user manual and two training sessions.
```

ஆறு வாரம் கழித்து வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. வடிவமைப்பு ஆவணம் எப்போது வரும் என்று கேட்டிருந்தார்கள். அது எங்கள் பட்டியலில் இல்லை என்று பதில் போட்டோம். அதற்கு அவர்கள் என் வாக்கியத்தையே எடுத்துக் காட்டினார்கள். இன்க்ளூட்ஸ் என்று எழுதியிருந்ததால் முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள், மற்றவையும் உண்டு என்று எடுத்துக்கொண்டோம் என்றார்கள். கோபமாகக்கூட எழுதவில்லை. நியாயமாகப் படித்தால் அப்படித்தான் படிக்க முடியும்.

முதலில் எழுதியவர் என் மேசைக்கு வந்து, “சார், நான் மூன்றே மூன்றுதான் என்ற அர்த்தத்தில் எழுதினேன்” என்றார். அவர் சொன்னது உண்மை. அவருடைய வாக்கியத்தில் ஒரு சின்னச் சொல் கூடுதலாக இருந்தது, பொருள் சரியாக இருந்தது. நான் திருத்திய வாக்கியத்தில் இலக்கணம் சரியாக இருந்தது, பொருள் மாறிவிட்டது. அவரும் இன்னொருவரும் ஒரு வாரம் உட்கார்ந்து அந்த ஆவணத்தை எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாரம் முழுக்க அவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து இந்த மூன்று சொற்களையும் இலக்கணமாகப் பார்ப்பதற்கு முன் பட்டியலாகப் பார்க்க ஆரம்பித்தேன். பட்டியல் மூடியதா, திறந்ததா என்பதுதான் முதல் கேள்வி. கம்ப்ரைஸும் கன்சிஸ்ட் ஆஃபும் சாதாரண எழுத்தில் முழுப் பட்டியலைச் சொல்பவை. சொன்னவை எல்லாம் சேர்ந்தால் முழுப்பொருள் வந்துவிட வேண்டும். இன்க்ளூட் முழுப் பட்டியலுக்கும் வரலாம் என்றாலும், படிப்பவர் மனதில் அது வேறு சிலவும் இருக்கலாம் என்ற எண்ணத்தையே உண்டாக்கும். ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர்கள் இன்க்ளூடிங் என்று எழுதிவிட்டு, ‘இவை மட்டும் அல்ல’ என்று பொருள்படும் ஒரு தொடரையும் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டியல் திறந்தே இருக்க வேண்டும் என்பதைச் சந்தேகமில்லாமல் ஆக்கத்தான் அது.

இதை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது தமிழே வழி காட்டியது. ஆங்கில விதியாகச் சொன்னால் இரண்டு நாளில் மறந்துபோகிறது. தமிழில் சொல்லிப் பார்த்தால் மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன.

கம்ப்ரைஸ் என்பதை ‘உள்ளடக்கியது’ அல்லது ‘கொண்டது’ என்று வைத்துக்கொள்ளுங்கள். குழு ஐந்து பேரைக் கொண்டது. இங்கே வருவது இரண்டாம் வேற்றுமை. கொண்டது என்ற வினை ஐந்து பேரை நேராகப் பிடித்துக்கொள்கிறது, நடுவில் வேறு எதுவும் தேவையில்லை. அந்த ஆங்கிலச் சொல்லின் வேரும் அதுதான். பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லுக்கு லத்தீன் மூலம் கைக்குள் பிடித்துக்கொள்வதைக் குறிக்கும். எதையாவது பிடிக்கிறோம் என்றால் ‘அதைப் பிடிக்கிறோம்’, அவ்வளவுதான்.

கன்சிஸ்ட் ஆஃப் என்பது ‘ஆனது’. குழு ஐந்து பேரால் ஆனது. இங்கே ‘ஆல்’ இல்லாவிட்டால் வாக்கியம் நிற்காது. அந்த ‘ஆல்’ இருக்கும் இடத்தில்தான் ஆங்கிலத்தின் ‘ஆஃப்’ உட்கார்ந்திருக்கிறது. ‘ஐந்து பேரால் கொண்டது’ என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். கம்ப்ரைசஸ் ஆஃப் என்பது ஏறக்குறைய அதுதான் என்று சொன்னதும் பலர் அங்கேயே சிரித்துத் தலையாட்டிவிடுவார்கள். அப்புறம் அவர்கள் மின்னஞ்சலில் அந்தப் பிழையை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்க்ளூடுக்கு வேற்றுமை உதவாது, உம்மை உதவும். ‘குழுவில் இரண்டு சோதனையாளர்களும் இருக்கிறார்கள்’ என்றால் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்று அந்த ‘உம்’ சொல்லாமல் சொல்கிறது. பள்ளியில் எச்ச உம்மை என்று படித்தோமே, அதுதான். ‘ஐவரும் வந்தனர்’ என்னும்போது வருவது முற்றும்மை, அதில் மிச்சம் எதுவும் இல்லை. நான் ஒரு வருடமாகச் செய்துகொண்டிருந்தது, முற்றும்மை இருந்த இடத்தில் எல்லாம் எச்ச உம்மையைப் போட்ட வேலை.

இப்படிப் பார்த்தால் இன்க்ளூட் எங்கே சரியாகப் பொருந்தும் என்பதும் தெளிவாகிறது. ஐந்து பேரில் இருவரை மட்டும் குறிப்பிட வேண்டும் என்றால் அதைவிட நல்ல சொல் இல்லை. இன்னும் முடிவாகாத பட்டியலை முதல்கட்டத் திட்டத்தில் எழுதும்போதும் அதுதான் நேர்மையான சொல். ஆனால் அதை எழுதிவிட்டுக் கடைசியில் ‘எட்செட்ரா’ சேர்க்க வேண்டாம். திறந்திருப்பதை அந்தச் சொல்லே சொல்லிவிட்டது.

ஒப்படைப்பு மின்னஞ்சலைப் பிறகு எப்படி எழுதியிருக்கலாம் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். வந்து சேர்ந்தது இது:

```
The handover consists of four items: the source code,
the user manual and two training sessions.
```

எண்ணைச் சேர்ப்பது நான் இன்றுவரை விடாத பழக்கம். எண் போட்டவுடன் எழுதுகிறவரே கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு பயிற்சி வகுப்புகளை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்று அன்று எங்களுக்கே கேள்வி வந்தது. தனித்தனி நாளில் நடப்பவை என்பதால் இரண்டாகவே எண்ணினோம். ஐந்து பேர் என்று தொடங்கி, ஒரு தலைவர், இரண்டு நிரலாளர், ஒரு சோதனையாளர் என்று நான்கில் முடிந்த மின்னஞ்சல்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூடிய பட்டியல் கூட்டினால் சரியாக வர வேண்டும். வரவில்லை என்றால் ஆள் விடுபட்டிருக்கிறார், இல்லாவிட்டால் சொல் தவறு.

கம்ப்ரைஸஸ் என்று ‘ஆஃப்’ இல்லாமல் எழுதினாலும் அந்த வாக்கியம் சரிதான். இருந்தும் பட்டியல் மூடியது என்பது பணத்தையோ பொறுப்பையோ தொடும் இடத்தில் நான் கன்சிஸ்ட்ஸ் ஆஃப் என்றே எழுதுகிறேன். காரணம், பேட்டன்ட் எனப்படும் காப்புரிமைக்கான ஆவணங்களை எழுதும் நண்பர் ஒருவர் சொன்னது. கண்டுபிடிப்பில் எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் அமெரிக்கக் காப்புரிமைக் கோரிக்கைகளில் கம்ப்ரைஸிங் என்ற சொல் திறந்த பட்டியலைக் குறிக்கும். சொன்னவற்றோடு வேறு பாகங்கள் சேர்ந்திருக்கும் பொருளும் அந்தக் கோரிக்கைக்குள் வரும். கன்சிஸ்டிங் ஆஃப் என்றால்தான் மூடியது. பொது எழுத்தில் மூடிய சொல், அந்தத் துறையில் திறந்த சொல்லாகிவிடுகிறது. நம் மின்னஞ்சலைப் படிப்பவர் எந்தத் துறைப் பழக்கத்தோடு படிக்கிறார் என்று நமக்குத் தெரியாது. கன்சிஸ்ட் ஆஃபுக்கு இந்த இரட்டைப் பொருள் இல்லை. அதை எழுதும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான், ‘இஸ் கன்சிஸ்டிங் ஆஃப்’ என்றோ ‘இஸ் கன்சிஸ்டட் ஆஃப்’ என்றோ ஆகிவிடக் கூடாது.

பழைய மின்னஞ்சல் வார்ப்புகளையும் ஒருநாள் தேடித் திருத்தினேன். உரைத் திருத்தியில் ரெஜெக்ஸ் தேடலை இயக்கிவிட்டு நான் போட்ட தேடல் இது:

```
compris(e|es|ing) of
```

இதில் `comprised of` சிக்காது. வேண்டுமென்றே விட்டேன். அந்தத் தொடரைப் பற்றி நீண்ட காலமாகச் சண்டை நடக்கிறது. முழுமை பாகங்களைக் கொண்டது என்பதற்குப் பதில், பாகங்கள் சேர்ந்து முழுமையை ஆக்குகின்றன என்ற தலைகீழ்ப் பொருளில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே கம்ப்ரைஸ் வழங்கிவருகிறது என்று மெரியம் வெப்ஸ்டர் அகராதி சொல்கிறது. தவறு என்று இன்றும் பலர் சொல்வதையும் அதே அகராதி குறிப்பிடுகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்த ஒரு தொடரை மட்டும் நீக்குவதற்காக ஒருவர் பல்லாயிரம் திருத்தங்கள் செய்தது 2015இல் செய்தியாகவே வந்தது. நான் அதைத் தவறு என்று யாரிடமும் சொல்வதில்லை. என் மின்னஞ்சலில் எழுதமாட்டேன், மற்றவர் எழுதியிருந்தால் கன்சிஸ்ட்ஸ் ஆஃப் ஆக்கலாமா என்று கேட்பேன்.

தேடலில் பதினொரு வார்ப்புகள் கிடைத்தன. முன்பு போல ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் மாற்றவில்லை. ஒவ்வொன்றையும் எழுதியவரிடம் போய், “இந்தப் பட்டியல் இவ்வளவுதானா, இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டேன். எட்டில் பட்டியல் முடிந்திருந்தது. இரண்டில் இன்னும் இருந்தது. கடைசி ஒன்றை எழுதியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தெரியவில்லை சார், கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த வார்ப்பை அவர் பதில் வரும்வரை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று குறித்து வைத்தேன்.