ஒலி வருகிறது, படம் இல்லை: பின்விளக்கா, இணைப்பா?

தக்கலை அருகே எங்கள் வீட்டில் உள்ள 32 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சி, ஐப்பசி மழைக்காலத்தில் ஒருநாள் மாலைச் செய்தியின் நடுவே இருண்டுவிட்டது. செய்தி வாசிப்பவரின் குரல் தடையின்றிக் கேட்டது. ரிமோட்டில் ஒலியும் கூடிக் குறைந்தது. அணைத்தால் சிவப்பு விளக்கும் எரிந்தது. பழுது பார்க்கும் ஓரிடத்தில் தொலைபேசியில் கேட்டபோது, பெட்டியைப் பார்க்காமலேயே "பேனல் போயிருக்கும், புதுசு வாங்குவதுதான் லாபம்" என்றார்கள். அதை ஏற்க மனம் வராததால் நானே சோதித்துப் பார்த்தேன்.

சிவப்பு விளக்கு எரிவதை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. காத்திருப்பு நிலைக்கான சிறிய மின்வழங்கல் நன்றாக இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். ஒலியோ அதைவிட அதிகம் சொல்கிறது. ஆனால் அது எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். கேபிள் பெட்டியிலிருந்து மூன்று நிற ஒயரில் இணைத்திருந்தால், சிவப்பும் வெள்ளையும் ஒலியையும், மஞ்சள் மட்டும் படத்தையும் கொண்டு வருகின்றன. மஞ்சள் பின் தளர்ந்தால் ஒலி இருக்கும், படம் போய்விடும். எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஒலித் தரவு படத் தரவின் இடைவெளிகளிலேயே சேர்ந்து வருவதால், ஒலி சீராக வரும்போது படம் மட்டும் வராமலிருப்பது அரிது. எங்கள் இணைப்பு எச்.டி.எம்.ஐ. என்பதால் கேபிள் மீது எனக்குச் சந்தேகம் குறைவுதான். ஆனாலும் வேறு துளையில் மாற்றிச் செருகிப் பார்த்தேன், பலனில்லை.

அடுத்து ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்தினேன். மெனுவை வரைவது தொலைக்காட்சியின் மெயின் போர்டே. அதற்குக் கேபிள் பெட்டியின் தயவு வேண்டியதில்லை. ஆகவே மெனு பளிச்சென்று தெரிந்தால், அல்லது No Signal என்ற எழுத்தாவது தெரிந்தால், திரையைக் குறை சொல்லாமல் இணைப்பு, கேபிள் பெட்டி, தேர்ந்தெடுத்த உள்ளீடு ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் பெட்டியில் மெனுவும் தெரியவில்லை.

அறையின் விளக்கை அணைத்து, மெனுவைத் திறந்த நிலையிலேயே, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். ஒளி விழுந்த உள்ளங்கை அளவு இடத்தில் மெனுவின் எழுத்துகள் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தன. டார்ச்சை நகர்த்தினால் அடுத்த வரியும் தெரிந்தது. பேனல் படத்தை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் பின்னால் வெளிச்சம்தான் இல்லை என்பது அத்துடன் உறுதியானது. இதற்கு மாறாக, திரை முழுதும் வெளிறி ஒளிர்ந்து படம் மட்டும் இல்லாதிருந்தால், பின்விளக்கு நலம், படத் தரவைப் பேனலுக்கு ஏற்றபடி பிரித்தனுப்பும் டி-கான் போர்டிலோ ரிப்பன் கேபிளிலோ கோளாறு என்று கொள்ளலாம். டார்ச்சிலும் ஒன்றும் தெரியாமல், திரையும் கறுப்பாகவே இருந்தால் இந்தச் சோதனையால் எதையும் முடிவு செய்ய இயலாது.

பின்விளக்கு என்று தெரிந்தாலும் கேள்வி தீரவில்லை: போனது எல்.இ.டி. பட்டையா, அதை இயக்கும் டிரைவரா? மின்சாரத்தைச் செருகும்போது இருண்ட அறையில் திரை ஒரு கணம் மினுக்கி அணைந்ததைக் கவனித்திருந்தேன். இதை மார்த்தாண்டத்தில் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் சொன்னதும், "பட்டைதான் அண்ணாச்சி, பேனலுக்கு ஒண்ணுமில்லை" என்றார். பின்மூடியைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். எங்கள் பெட்டியில் மூன்று பட்டைகள், பட்டைக்கு ஆறு எல்.இ.டி.கள், எல்லாம் தொடராக இணைந்தவை. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் என்று 54 வோல்ட் வரவேண்டிய இடத்தில், மீட்டர் 70-ஐத் தாண்டி ஏறி உடனே விழுந்தது. எங்கோ இணைப்பு அறுந்து மின்னோட்டம் செல்லாததால் டிரைவர் மின்னழுத்தத்தை உயர்த்திப் பார்த்து, எல்லை தாண்டியதும் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. மின்னழுத்தம் ஏறவே இல்லையென்றால் டிரைவரையும், மெயின் போர்டிலிருந்து அதற்கு வரும் இயக்கக் கட்டளையையும் பார்த்திருக்க வேண்டும். இந்த அளவீட்டை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்; பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கும்.

பேனலைத் தூக்கியபோது நடுப்பட்டையில் ஓர் எல்.இ.டி.யின் மஞ்சள் பரப்பில் கடுகளவு கறுப்புப் புள்ளி இருந்தது. அந்த ஒன்று எரிந்துபோனதால்தான் பதினெட்டும் அணைந்திருக்கின்றன. அதை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். மற்றவையும் அதே வெப்பத்தில் அதே காலம் உழைத்தவை என்பதால் மூன்று பட்டைகளையும் மாற்றுவதே சரி என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வேலையில் கடினமானது பட்டையை ஒட்டுவதல்ல, பேனலின் ஓரத்து மெல்லிய ரிப்பன்கள் மடங்காமல் கண்ணாடியைத் தூக்குவதும், ஒளியைச் சீராகப் பரவச் செய்யும் தாள்களை அதே வரிசையில் திரும்ப வைப்பதும்தான். ரிப்பன் கிழிந்தால் உண்மையிலேயே பேனல் போய்விடும்.

படம் வந்தபின் மெனுவில் Backlight அளவை 100-லிருந்து 60-க்குக் குறைத்து வைத்துவிட்டுப் போனார். பட்டையின் சூட்டைக் குறைப்பது இதுதான். பல பெட்டிகளில் Brightness என்பது படத்தின் கறுப்புப் பகுதியை மட்டுமே மாற்றும். அதை எவ்வளவு குறைத்தாலும் பின்னாலிருக்கும் விளக்குகள் முழு வேகத்தில்தான் எரிந்துகொண்டிருக்கும்.