பம்பைமடுவில் சொன்ன சம்பளக் கணக்கு

போன மாதம் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாகத்தில் இறுதியாண்டு முகாமைத்துவ மாணவர்களோடு எங்கள் நிதிக் கம்பனி வேலையைப் பற்றிப் பேசப் போனேன். கடன் உத்தியோகத்தர் என்றதும் பிள்ளைகள் ஏசி அறையையும் கம்ப்யூட்டரையும்தான் நினைப்பார்கள், முன்பெல்லாம் நானும் அதைத் திருத்தியதில்லை. அப்படிச் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியுமுன்னே போய்விட்டார்கள். பிழை என்னுடையதுதான்.

அதனால் இந்த முறை முதலிலேயே சொன்னேன்: வாரத்தில் நாலு நாள் மோட்டார் சைக்கிளில் செட்டிகுளம், நெடுங்கேணிப் பக்கம் தவணை கேட்டுப் போகவேண்டும். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 4,000 கழிந்து 46,000தான் கைக்கு வரும். கம்பனி போடும் 12 சதவீதம் உங்கள் கணக்கில் சேரும், ஆனால் மாதக் கடைசியில் கடைக்காரனுக்குக் கொடுக்க உதவாது. ஊக்கத்தொகை வசூல் இலக்கைத் தொட்டால் மட்டும்தான், அதை நம்பி வீட்டுக்குக் கணக்குச் சொல்லவேண்டாம்.

தெரிவு பெரிய விஷயமில்லை. விண்ணப்பம், எழுத்துப் பரீட்சை, நேர்முகம், அப்புறம் இரண்டு பிணையாளர்களும் கிராம சேவையாளர் சான்றிதழும். ஆட்கள் விழுவது நேர்முகத்தில், ஒரே ஒரு கேள்வியில். ஒரு லட்சம் கடன், 12 மாதம், வருடத்துக்கு 24 சதவீதம், முழுத்தொகைக்கும் வட்டி. தவணை எவ்வளவு? வட்டி 24,000, மொத்தம் 1,24,000, மாதம் 10,333. இதை எல்லாரும் போட்டுவிடுவார்கள்.

பிறகு நான் விவசாயியாக உட்கார்ந்துகொண்டு, "தம்பி, உண்மையில எவ்வளவு வட்டி?" என்று கேட்பேன். போன தடவை ஒரு தம்பி "24 தான் ஐயா" என்று அடித்துச் சொன்னார். சரி, கடைசி மாதத்தை எடுத்துப் பாருங்கள் என்றேன். முதல் தொகையில் மிச்சம் 8,333 மட்டும், வட்டியோ அதே 2,000. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கட்டக் கட்ட முதல் குறைகிறது, வட்டி குறைவதில்லை, ஆகவே குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டும்.

பம்பைமடுவில் இதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு தங்கச்சி எழும்பினார்: "சேர், அதை விளங்கப்படுத்தினா யார் கடன் எடுப்பினம்?"

சிலர் எடுக்கமாட்டார்கள்தான், உங்கள் இலக்கும் அந்த மாதம் குறையும் என்றேன். ஆனால் காலபோக வெட்டு முடிந்து நெல் விற்றால்தான் காசு பார்க்கிற ஒருவர், மாதாமாதம் 10,333 எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் கையெழுத்து வைத்தால், நாலாம் தவணைக்கு அவர் வீட்டுப் படலையில் நிற்கப்போவது கம்பனி முகாமையாளர் இல்லை, நீங்கள்.

பேச்சு முடிய விண்ணப்பப் படிவத்தை மேசையில் வைத்தேன். வந்த அறுபது பேரில் பதினொரு பேர் எடுத்தார்கள். அந்தத் தங்கச்சியும் ஒருவர், மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுக்க எவ்வளவு நாள் செல்லும் என்று மட்டும் கேட்டார்.