லண்டன்ல எங்க பொண்ணுக்கு ஸ்கார்லெட் ஃபீவர்: பத்து நாள் பெனிசிலின், ஸ்கூல், வீடு

இங்க குளிர்காலக் கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஸ்கூல்ஸ்ல ஸ்கார்லெட் ஃபீவர் சுத்திக்கிட்டே இருக்கும், மார்ச்ல எங்க ஆறு வயசு பொண்ணுக்கும் வந்துச்சு. இதுல நிறைய பேரு குழம்பறது ரெண்டு கணக்குல. ஸ்கூலுக்குப் போக 24 மணிநேரம், மருந்து பத்து நாள். இந்த ரெண்டும் வேற வேறன்னு புரிஞ்சுட்டா பாதி டென்ஷன் போயிடும், அதனாலதான் விவரமா எழுதறேன்.

முதல்ல தொண்டை வலி, காய்ச்சல், ஒரு தடவை வாந்தி. இது சாதாரண சளின்னுதான் யாருக்கும் தோணும். அடுத்த நாள் நெஞ்சுலயும் வயித்துலயும் பொடிப்பொடியா வந்துச்சு. என்எச்எஸ் பேஜ்ல போட்டோல எல்லாம் பளிச்சுனு செவப்பா இருக்கும், நம்ம பிள்ளைங்க நிறத்துல அப்படித் தெரியாதுங்க, அதனால கண்ணை நம்பாம கையால தடவிப் பாக்கணும், உப்புத்தாளைத் தடவற மாதிரி சொரசொரன்னு இருக்கும். அக்குள், முழங்கை மடிப்புல இன்னும் அதிகமா இருக்கும். நாக்குல முதல்ல வெள்ளையா படிஞ்சு, ரெண்டு மூணு நாள்ல அது உரிஞ்சு சிவந்து புள்ளி புள்ளியா ஆயிடும், ஸ்ட்ராபெர்ரி டங்னு சொல்றது அதைத்தான். ஊர்ல இருந்து வந்திருந்த எங்க அம்மா "அம்மை போட்டிருக்குடி, வேப்பிலை கிடைக்குமா இங்க"ன்னாங்க. அம்மைன்னு வீட்லயே வச்சுப் பாக்கற நோய் இல்லம்மா இது, தொண்டைல பாக்டீரியா, குரூப் ஏ ஸ்ட்ரெப், அது விடற விஷத்தாலதான் இந்த ரேஷ், ஆன்டிபயாடிக் வேணும்னு சொல்லி ஜிபிக்கு போன் பண்ணினேன். போன்லயே ஸ்கார்லெட் ஃபீவரோன்னு சந்தேகம்னு சொல்லிடுங்க, மத்த பேஷண்டுங்களோட வெயிட்டிங் ரூம்ல உக்கார வைக்காம தனியா பாப்பாங்க.

டாக்டர் தொண்டை, நாக்கு, கழுத்து நெறி எல்லாம் பாத்துட்டு ஸ்வாப் எடுக்காமலே முடிவு பண்ணிட்டாங்க. பெனிசிலின் அலர்ஜி உண்டான்னு கேட்டாங்க. இங்க இது டாக்டர் கட்டாயம் ரிப்போர்ட் பண்ண வேண்டிய நோய், அந்த ஏரியா ஹெல்த் ப்ரொடெக்‌ஷன் டீமுக்கு அவங்களே தெரியப்படுத்துவாங்க, நாம பயப்பட ஒண்ணும் இல்ல.

மருந்து பெனிசிலின் வி சிரப். 6ல இருந்து 11 வயசு வரைக்கும் 250 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நாலு வேளை, பத்து நாள். ஒண்ணுல இருந்து 5 வயசுன்னா 125. எங்களுக்கு வந்தது 5 மில்லில 250 இருக்கற சிரப், அப்போ ஒரு வேளைக்கு 5 மில்லி, நாளைக்கு 20, பத்து நாளைக்கு 200 மில்லி, அதாவது 100 மில்லி பாட்டில் ரெண்டு. இங்கதான் ஒரு முக்கியமான விஷயம். ஃபார்மஸில பவுடர்ல தண்ணி கலந்து தருவாங்க, கலந்த பிறகு ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் 7 நாள்தான் தாங்கும். ரெண்டு பாட்டிலையும் ஒரே நாள்ல கலந்து வாங்கிட்டா ரெண்டாவது பாட்டில் பாதிலயே காலாவதி ஆயிடும், மீதியைக் கொட்டிட்டு பத்து நாள் முடியாமலே நிறுத்த வேண்டி வரும். அதனால கவுண்டர்லயே கேட்டு, ரெண்டாவதை முதல் பாட்டில் தீரும்போது கலந்து கொடுங்கன்னு சொல்லிட்டு வந்தோம், ஃபார்மஸிஸ்ட் உடனே சரின்னுட்டார், பாட்டில் மேல டிஸ்கார்ட் தேதியும் எழுதிக் கொடுத்தார்.

வெறும் வயித்துல கொடுத்தாதான் இது நல்லா உடம்புல சேரும், சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்னாடி, இல்ல ரெண்டு மணிநேரம் கழிச்சு. ஆறு வயசுப் பிள்ளைகிட்ட நாலு வேளையும் இது கஷ்டம்தான், கசப்பு வேற. சிரிஞ்ச்ல கன்னத்து ஓரமா கொஞ்சம் கொஞ்சமா விட்டு உடனே தண்ணி கொடுப்பேன். குடிச்ச அரை மணிநேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா அதே டோஸ் திரும்பக் கொடுக்கலாம், அதுக்கு மேல ஆயிட்டா அடுத்த வேளைக்குக் கொடுத்தா போதும். ஒரு வேளை மறந்துட்டா அடுத்ததுல டபுளா கொடுக்கக் கூடாது. மருந்து ஆரம்பிச்ச பிறகு புதுசா அரிப்போட தடிப்புத் தடிப்பா வந்தா அது நோயோட ரேஷா அலர்ஜியான்னு நாமளே முடிவு பண்ணாம உடனே 111க்கோ ஜிபிக்கோ கேக்கணும், முகம் உதடு வீங்கினாலோ மூச்சு விட சிரமப்பட்டாலோ நேரா 999.

ஒண்ணு ரெண்டு நாள்லயே காய்ச்சல் விட்டுடும், பிள்ளை ஓடியாட ஆரம்பிச்சிடும், அப்போதான் மருந்தை நிறுத்தத் தோணும், நிறுத்தவே கூடாது. தொண்டைல மிச்சம் இருக்கற கிருமியையும் முழுசா ஒழிக்கத்தான் பத்து நாள். அது அப்படியே தங்கினா பின்னால ருமாட்டிக் ஃபீவர் வந்து இதய வால்வைக் கெடுக்கற ஆபத்து இருக்கு.

ஸ்கூல் விஷயத்துக்கு வரேன். இங்கிலாந்துல விதி, முதல் டோஸ் கொடுத்ததுல இருந்து 24 மணிநேரம் கழிச்சு, பிள்ளை தெம்பா இருந்தா அனுப்பலாம். ஆன்டிபயாடிக் எடுக்காம விட்டா ரெண்டு மூணு வாரம் வரைக்கும் மத்தவங்களுக்குப் பரவும், அதனால மருந்துதான் சீக்கிரம் ஸ்கூலுக்குப் போக வழி. செவ்வாய் சாயங்காலம் முதல் டோஸ்னா புதன் சாயங்காலம்தான் 24 மணிநேரம் முடியுது, அப்போ வியாழன் காலைலதான் ஸ்கூல். எங்களுக்கு அப்பவும் காய்ச்சல் லேசா இருந்துச்சு, அது விடற வரைக்கும் வீட்லயே வச்சுக்கிட்டோம். ரேஷ் மறையணும்னோ மருந்து முடியணும்னோ காத்திருக்க வேண்டாம். மதிய டோஸுக்கு ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு ஃபார்ம் தருவாங்க, பேரு லேபிள் ஒட்டின ஒரிஜினல் பாட்டிலோடதான் வாங்கிப்பாங்க, சாயங்காலம் ஃப்ரிட்ஜ்ல இருந்து மறக்காம திரும்ப எடுத்துட்டு வரணும்.

வீட்ல எனக்கு இருந்த பெரிய கவலை எங்க ரெண்டாவது பையன், அவனுக்கு ரெண்டு வயசு. நம்ம வீடுகள்ல ஒரே தட்டுல பிசைஞ்சு ஆளுக்கொரு உருண்டை, அக்கா மிச்சம் வச்ச பாலைத் தம்பிக்கு, ஒரே துண்டுல ரெண்டு பேருக்கும் முகம் துடைக்கறது, இதெல்லாம் பழக்கம். பாட்டிக்கு மனசு கேக்கல, "குழந்தைய ஒதுக்கி வைக்கறாப்ல இருக்கு"ன்னாங்க. ஒதுக்கலம்மா, மடில வச்சுக்கோங்க, எச்சில் மட்டும் சேரக் கூடாதுன்னேன். தட்டு, டம்ளர், ஸ்பூன், துண்டு, டூத்பிரஷ் தனி. இருமினா டிஷ்யூ, அது உடனே குப்பைக்கு, அப்புறம் எல்லாரும் சோப்பு போட்டுக் கை கழுவறது. துணி, தலகாணி உறையை சூடு தண்ணில துவைச்சேன். மத்தவங்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேணுமான்னு கேட்டதுக்கு வேண்டாம், ஒட்டினா பெரும்பாலும் ரெண்டுல இருந்து அஞ்சு நாள்ல தெரியும், தொண்டை வலி, காய்ச்சல் வருதான்னு பாருங்கன்னாங்க. வீட்ல யாருக்காவது அந்த நேரம் சின்னம்மை இருந்தா உடனே ஜிபிகிட்ட சொல்லணும், ரெண்டும் சேர்ந்தா கிருமி ரத்தத்துக்குள்ள போற ஆபத்து கூடும். கர்ப்பமா இருக்கறவங்களும் மிட்வைஃப்கிட்ட சொல்லிடுங்க.

மருந்து முடியற சமயத்துல விரல் நுனி, கால் விரல்ல தோல் உரியும். பாக்க பயமா இருக்கும், ஆனா அது ஆறுற அறிகுறி, அதுல இருந்து யாருக்கும் ஒட்டாது, மாய்ஸ்சரைசர் போட்டா போதும், பிச்சு எடுக்க விடாதீங்க. அதுக்கப்புறமும் ரெண்டு மூணு வாரம் யூரின் கலரை மட்டும் கவனிங்க. கோலா மாதிரி கருஞ்சிவப்பா போனாலோ, காலைல எழும்போது கண்ணைச் சுத்தி முகம் உப்பி இருந்தாலோ கிட்னி பாதிப்பா இருக்கலாம், அன்னைக்கே ஜிபிகிட்ட காட்டணும்.